ஒரே 85 நாள், இரண்டு நூற்பாலைகள்: வசூல், இருப்பு, பட்டுவாடா நாட்களின் ஒப்பீடு

ஒரு தொழிலில் போட்ட பணம் சரக்காகி, விற்பனையாகி, மறுபடியும் பணமாகக் கைக்கு வர எத்தனை நாள் பிடிக்கிறது என்பதை மூன்று எண்கள் சேர்ந்து சொல்கின்றன. விற்ற சரக்குக்குப் பணம் வந்து சேரும் காலம் வசூல் நாட்கள். வாங்கிய பொருள் விற்பனையாகும் வரை ஆலைக்குள் கிடக்கும் காலம் இருப்பு நாட்கள். வாங்கிய பொருளுக்கு நாம் பணம் கொடுக்க எடுத்துக்கொள்ளும் காலம் பட்டுவாடா நாட்கள். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் வருவது பணச் சுழற்சிக் காலம். இந்தக் கடைசி எண்ணை மட்டும் பார்த்து, குறைவாக இருந்தால் திறமை, கூடினால் திறமைக் குறைவு என்று முடிவுகட்டும் வழக்கம் கடன் கொடுப்போரிடமும் முதலீட்டாளரிடமும் பரவலாக இருக்கிறது. மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருபவை என்பதாலும், அவை சம அளவு நம்பகமானவை அல்ல என்பதாலும், அந்த வழக்கம் பல நேரங்களில் தவறான ஆலையைப் பாராட்ட வைக்கிறது.

கணக்கை எளிதாக்க, கோவை வட்டாரத்தில் திருப்பூர் பின்னலாடைச் சந்தைக்கு நூல் விற்கும் இரண்டு கற்பனை ஆலைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஆண்டு விற்பனை 73 கோடி ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 20 லட்சம். விற்ற சரக்கின் அடக்கம் நாளொன்றுக்கு 16 லட்சம், பஞ்சுக் கொள்முதல் நாளொன்றுக்கு 12 லட்சம். மார்ச் 31 ஐந்தொகைப்படி முதல் ஆலைக்கு வரவேண்டிய பாக்கி 9 கோடி, சரக்கிருப்பு 9.6 கோடி, கொடுக்க வேண்டிய பாக்கி 2.4 கோடி. இரண்டாவது ஆலைக்கு முறையே 6 கோடி, 16 கோடி, 5.4 கோடி. வரவேண்டிய பாக்கியை ஒரு நாள் விற்பனையாலும், இருப்பை ஒரு நாள் அடக்கத்தாலும், கொடுக்க வேண்டியதை ஒரு நாள் கொள்முதலாலும் வகுத்தால் நாட்கள் கிடைத்துவிடும்.

முதல் ஆலை: வசூல் 45, இருப்பு 60, பட்டுவாடா 20, சுழற்சி 85 நாள்.
இரண்டாவது ஆலை: வசூல் 30, இருப்பு 100, பட்டுவாடா 45, சுழற்சி 85 நாள்.

இந்த அளவில் நிறுத்திக்கொள்பவர், முதல் ஆலை சரக்கை நன்றாக ஆள்கிறது, இரண்டாவது ஆலை வசூலிலும் பேரத்திலும் கெட்டி என்று எழுதிவிடுவார். உள்ளே இறங்கிப் பார்த்தால் இவற்றில் எதுவுமே நிற்காது.

இருப்பிலிருந்து தொடங்குவோம். மூன்றில் ஆலையின் உள்நடப்பைப் பற்றி அதிகம் சொல்லக்கூடியது இதுவே என்பது என் கருத்து. ஆனால் மொத்த எண்ணாக வைத்துப் பார்க்கும்வரை அது எதையும் சொல்லாது. பஞ்சு, எந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அரைகுறைச் சரக்கு, முடிந்த நூல் என்று பிரித்தாக வேண்டும். இரண்டாவது ஆலையின் 16 கோடியில் பஞ்சு 13.2 கோடி, அரைகுறைச் சரக்கு 80 லட்சம், நூல் 2 கோடி. முதல் ஆலையின் 9.6 கோடியில் பஞ்சு 3.6 கோடி, அரைகுறைச் சரக்கு அதே 80 லட்சம், நூல் 5.2 கோடி. இரண்டிலும் ஓட்டத்தில் இருக்கும் சரக்கு ஐந்து நாள் அளவுதான், ஆகவே உற்பத்தி வேகத்தில் வேறுபாடு இல்லை. வேறுபாடு இரு முனைகளிலும் இருக்கிறது. இரண்டாவது ஆலையில் 110 நாளுக்கான பஞ்சு கிடங்கில் இருக்கிறது, முடிந்த நூலோ 13 நாளைக்கு மேல் தங்குவதில்லை. முதல் ஆலையில் பஞ்சு 30 நாளைக்குத்தான் இருக்கிறது, ஆனால் முடிந்த நூல் 32 நாளாக வாங்குவாரின்றிக் கிடக்கிறது.

இந்தியாவில் பஞ்சு ஆண்டு அக்டோபரில் தொடங்குகிறது. வரத்தின் பெரும்பகுதி மார்ச்சுக்குள் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டு ஆலைகள் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா பஞ்சையே பெரிதும் நம்பியிருப்பதால், தரமான பஞ்சு கிடைக்கும் பருவத்தில் வாங்கிச் சேர்ப்பது இத்தொழிலின் இயல்பு. ஐந்தொகை நாளான மார்ச் 31 அந்தச் சேர்ப்பின் உச்சத்தை ஒட்டி விழுகிறது. எனவே இரண்டாவது ஆலையின் 100 நாளைச் சோம்பல் என்று படிக்கக் கூடாது. அது எடுக்கப்பட்ட ஒரு கொள்முதல் முடிவு. அந்த முடிவுக்குரிய ஆபத்து வேறு வகையானது. 2022 மே மாத வாக்கில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டு, அதே ஆண்டிலேயே வெகுவாகச் சரிந்தபோது, உச்ச விலையில் சேர்த்து வைத்தவர்களுக்கு நூல் விலை பஞ்சின் அடக்கத்தைக்கூட ஈடுகட்டவில்லை. மாறாக, முதல் ஆலையின் கையில் தேங்கியிருக்கும் நூலை யாரும் முடிவெடுத்துச் சேர்க்கவில்லை. நூலின் மென்மையைச் சொல்லும் அளவான கவுண்டில், 30 கவுண்டுக்குக் கேட்பு இருக்கும்போது 40 கவுண்டை ஓட்டிக்கொண்டிருந்தாலோ, சந்தை மந்தமாகியும் நூற்புக் கதிர்களை நிறுத்தாமல் ஓட்டினாலோ இப்படித்தான் நூல் மூட்டைகள் அடுக்கில் ஏறும். 60 நாள் என்ற கூட்டு எண் இதை மூடி மறைத்துவிடுகிறது.

வசூல் நாட்களுக்கு வருவோம். இது ஆலையின் திறமையைக் காட்டிலும் சந்தையில் அதற்குள்ள இடத்தைக் காட்டும் எண். தேடி வந்து வாங்கப்படும் நூலுக்குத் தவணை குறுகும், தள்ளிவிட வேண்டிய நூலுக்குத் தவணை நீளும். முதல் ஆலையின் 45 நாள் ஆண்டுச் சராசரி விற்பனையை வைத்து வந்தது. அந்த ஆலை பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மாதம் 5 கோடிக்குத்தான் விற்றது என்று வைத்துக்கொள்வோம். 9 கோடிப் பாக்கியில் மார்ச் விற்பனை 5 கோடியை முதலில் கழித்தால் 31 நாள் ஆகிறது. மீதி 4 கோடி பிப்ரவரி விற்பனையில் 22 நாளுக்குச் சமம். ஆக உண்மையான வசூல் காலம் 53 நாள். விற்பனை குறையும்போது சராசரிக் கணக்கு வசூலின் தாமதத்தைக் குறைத்துக் காட்டும், ஆண்டிறுதியில் சரக்கைத் தள்ளி விற்பனையை ஏற்றினால் கூட்டிக் காட்டும். மாதம் மாதமாகப் பின்னோக்கிக் கழிக்கும் இம்முறை அந்தப் பிழையை நீக்கிவிடுகிறது.

இரண்டாவது ஆலையின் 30 நாளில் வேறொன்று ஒளிந்திருக்கிறது. அது 4 கோடி ரூபாய்க்கான பில்களை வங்கியில் தள்ளுபடி செய்து, அதாவது தவணை முடியும் முன்பே வங்கியிடம் கொடுத்து, பணம் பெற்றுவிட்டது. வாங்கியவர் கட்டாவிட்டால் வங்கி ஆலையிடமே திரும்பி வரும் நிபந்தனையில் நடந்த தள்ளுபடி அது. இந்தியக் கணக்கியல் தரம் 109-ஐப் பின்பற்றும் நிறுவனங்கள் இத்தகைய பில்களைக் கணக்கிலிருந்து நீக்க முடியாது. பழைய தரங்களைப் பின்பற்றும் சிறிய நிறுவனங்களில் அவை ஐந்தொகையை விட்டு வெளியேறி, பின்குறிப்பில் நிகழக்கூடிய பொறுப்பாக ஒரு வரியில் தங்கிவிடுவதுண்டு. அந்த 4 கோடியைத் திரும்பச் சேர்த்தால் பாக்கி 10 கோடி, வசூல் 50 நாள். இரு ஆலைகளின் வாடிக்கையாளர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் பணம் கட்டுகிறார்கள்.

இடையில் வரியைப் பற்றி ஒரு வார்த்தை. பாக்கித் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும், விற்பனைத் தொகையில் இருக்காது. பருத்தி நூலுக்கு 5 சதவீதம் என்பதால் பிழை சிறிது. 18 சதவீத வரியுள்ள பொருளில் உண்மையான 60 நாள் வசூல் 71 நாளாகத் தெரியும். வெவ்வேறு வரி விகிதமுள்ள தொழில்களை ஒப்பிடும்போது இதைச் சரிசெய்யாமல் பேசக் கூடாது.

மூன்றில் மிகவும் தவறாகப் படிக்கப்படுவது பட்டுவாடா நாட்கள். இது நீண்டால் சப்ளையர் பணத்தில் தொழில் நடக்கிறது, பேர வலிமை இருக்கிறது என்று புகழப்படுகிறது. பஞ்சு வியாபாரத்தில், பருத்தியிலிருந்து விதை நீக்கிப் பஞ்சாக விற்கும் ஜின்னிங் ஆலைக்காரர்கள் சில நாட்களில் பணத்தை எதிர்பார்ப்பவர்கள். அப்படியிருக்க 45 நாள் எங்கிருந்து வந்தது? 5.4 கோடியில் 3.6 கோடி, பணத்துக்கு ஆலையின் வங்கியே பொறுப்பேற்கும் 90 நாள் தவணைக் கடனுறுதிக் கடிதத்தின்மேல் வாங்கியது. பஞ்சு விற்றவர் தம் வங்கியில் உடனே பணம் பெற்றுவிட்டார். தவணைக்கான வட்டியை ஆலை சுமக்கிறது. பெயர் சப்ளையர் பாக்கி, உள்ளே இருப்பது வங்கிக் கடன். அதை நீக்கினால் மிஞ்சுவது 1.8 கோடி, 15 நாள்.

கடிதமே இல்லாமல் வெறுமனே இழுத்தடித்து வந்த 45 நாளாக இருந்தாலும் அதைத் திறமை என்று நான் ஏற்க மாட்டேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன வளர்ச்சிச் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டப்பட்டு ஏறும். 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடு தாண்டிய பாக்கியை உரிய ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்டவும் முடியாது. கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். மெல்லிய லாபத்தில் ஓடும் சிறிய ஜின்னிங் ஆலைக்காரரின் பணத்தை இழுத்து வைத்திருப்பவருக்கு, அடுத்த பருவத்தில் நல்ல பஞ்சு கடைசியாகத்தான் காட்டப்படும்.

திருத்திய எண்களைப் பார்ப்போம். இரண்டாவது ஆலைக்கு வசூல் 50, இருப்பு 100, பட்டுவாடா 15. சுழற்சி 135 நாள். முடங்கிய பணம் 10 கோடியும் 16 கோடியும் சேர்ந்து, 1.8 கோடி கழிய, 24.2 கோடி. முதல் ஆலையில் அது 16.2 கோடிதான். இடைவெளி 8 கோடி. வட்டி பத்து சதவீதம் என்று கொண்டால் ஆண்டுக்கு 80 லட்சம், விற்பனையில் ஒரு சதவீதத்துக்கும் மேல். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. லாப நட்டக் கணக்கிலுள்ள வட்டிச் செலவை ஐந்தொகையிலுள்ள கடனால் வகுத்துப் பாருங்கள். வங்கிகள் பத்து சதவீதத்துக்குக் கடன் தரும் காலத்தில் விடை பதினைந்து, பதினாறு என்று வந்தால், கடனின் ஒரு பகுதி வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறதா என்று தேட வேண்டும். 2021-22 முதல் கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை பாக்கிகளை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்கிறது. ஆனால் வரவேண்டியதன் முதல் கட்டமே ஆறு மாதம், கொடுக்க வேண்டியதன் முதல் கட்டம் ஓராண்டு என்பதால், 30 நாளா 50 நாளா என்ற நம் கேள்விக்கு அந்த அட்டவணை உதவாது.

அப்படியானால் எந்த ஆலை திறமையாக ஓடுகிறது? நூலை ஓட்டி விற்பதில் இரண்டாவது ஆலை, பணத்தை ஆள்வதில் முதல் ஆலை. இரண்டாவது ஆலையின் குறை பஞ்சுச் சேர்ப்பின் அளவிலும் அதற்குப் பணம் திரட்டிய வழியிலும் இருக்கிறது. அதைக் கொள்முதல் மேசையிலேயே திருத்திவிடலாம். முதல் ஆலையின் குறை எதை நூற்பது என்ற முடிவில் இருக்கிறது. அதைக் கணக்குப்பிள்ளையால் திருத்த முடியாது. கடன் கொடுக்கும் இடத்தில் நான் இருந்தால் இரு ஆலைகளிடமும் செப்டம்பர் 30 இருப்புப் பட்டியலைக் கேட்பேன். பஞ்சு ஆண்டு முடியும் அந்த நாளில் இரண்டாவது ஆலையின் பஞ்சு ஒரு மாத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பருவச் சேர்ப்பு என்ற விளக்கம் பொய்யாகி, விலை ஏறும் என்று பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றாகிவிடும். முதல் ஆலையிடம் முடிந்த நூலைக் கவுண்ட் வாரியாகவும், எந்த மாதம் நூற்றது என்ற தேதியோடும் கேட்பேன். மார்ச்சில் இருந்த அதே 40 கவுண்ட் மூட்டைகள் செப்டம்பரிலும் அந்தப் பட்டியலில் இருந்தால், அவற்றின் விலையைக் குறைத்து மதிப்பிட்ட பிறகே கடன் வரம்பைப் பற்றிப் பேசுவேன்.