பாஸ்க் மொழியின் ‘க்’, தமிழின் ‘ஐ’: துணைவினையை முதலில் படிக்கும் முறை நீண்டநாள் பயன்பாட்டில் எப்படி?

ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பகுதியில் பேசப்படும் பாஸ்க் மொழியின் சிறு வாக்கியங்களைத் தமிழாக்கும்போது பெயர்ச்சொற்களை ஒதுக்கி வைத்துவிட்டு, துணைவினையை முதலில் படிக்கும் முறையைப் பல ஆண்டுகளாகக் கைக்கொண்டு வருகிறோம். யார் செய்தார், யாருக்கு நேர்ந்தது என்பது இடம் மாறிப்போகாமல் காப்பதில் இதற்கு ஈடான வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை. அது கைகொடுக்காத இடங்களும் உண்டு. அவற்றையும் சேர்த்தே சொல்கிறோம்.

தமிழில் செய்பவருக்கு உருபு கிடையாது, செயப்படுபொருளுக்கு ‘ஐ’ வரும். பாஸ்க்கில் இது தலைகீழ். செய்பவர் மீது ‘க்’ ஏறும், செயப்படுபொருள் வெறுமனே நிற்கும். இதைத்தான் எர்கேட்டிவ் என்கிறார்கள். இதோடு முடிந்திருந்தால் சிக்கலே இல்லை. ஆனால் ‘ஓநாய் வந்தது’ போன்ற வாக்கியத்தில் வரும் எழுவாயும் அங்கே வெறுமனேதான் நிற்கும். தமிழ்க் கண் உருபில்லாத பெயரைக் கண்டதும் எழுவாய் என்று எடுத்துக்கொள்கிறது. முதல் பிழை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

```
Otsoa hil da.
Otsoa hil du.
```

முதல் வாக்கியம் ‘ஓநாய் செத்துவிட்டது.’ இரண்டாவது ‘ஓநாயைக் கொன்றுவிட்டான்.’ பெயரும் ஒன்று, வினையும் ஒன்று. ‘டா’ என்ற துணைவினை ‘டு’ ஆனதுதான் வேறுபாடு. ‘டா’ ஒருவரை மட்டும் காட்டும். ‘டு’ செய்பவர் ஒருவர், செயப்படுபொருள் ஒன்று என இரண்டு பேரைக் காட்டும். தமிழில் நாம் வினையையே மாற்றுகிறோம்: செத்தது, கொன்றது, உடைந்தது, உடைத்தது. ஆகவே துணைவினையைப் பார்க்காமல் தமிழ் வினையைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. பாஸ்க் இலக்கண வகுப்புகளில் இந்த இரண்டு வாய்பாடுகளையும் ‘நோர்’, ‘நோர்-நோர்க்’ என்று அழைப்பார்கள். ‘நோர்’ என்றால் உருபில்லாத ‘யார்’, ‘நோர்க்’ என்றால் செய்கிற ‘யார்’.

இனி முறையின் மையம். கீழே உள்ள நான்கு வாக்கியங்களிலும் ஓநாயும் செம்மறியாடும் வருகின்றன, வினை ‘தின்னுதல்’.

```
Otsoak ardia jan du.
Otsoak ardiak jan ditu.
Otsoek ardia jan dute.
Otsoek ardiak jan dituzte.
```

துணைவினை ‘டு’ என்றால் தின்றதும் ஒன்று, தின்னப்பட்டதும் ஒன்று. ‘டிடு’ என்றால் தின்றது ஒன்று, தின்னப்பட்டவை பல. ‘டுடே’ என்றால் தின்றவை பல, தின்னப்பட்டது ஒன்று. ‘டிடுஸ்டே’ என்றால் இரு பக்கமும் பல. இந்த எண்ணிக்கையை ஓரத்தில் குறித்துக்கொண்ட பிறகே பெயர்களுக்குப் போக வேண்டும். முதல் வாக்கியம் ‘ஓநாய் செம்மறியாட்டைத் தின்றுவிட்டது’, நான்காவது ‘ஓநாய்கள் செம்மறியாடுகளைத் தின்றுவிட்டன.’ (‘டு’ வரிசை பெரும்பாலும் இன்று நடந்ததைச் சொல்லும் என்பதால் ‘விட்டது’ நன்றாகப் பொருந்துகிறது.)

ஏன் பெயர்களிலிருந்து தொடங்கக் கூடாது? ‘அக்’ என்ற ஈறுதான் காரணம். ‘ஒட்சோஅக்’ என்பது ‘ஓநாய்’ என்ற ஒருமைச் செய்பவராகவும் இருக்கலாம், ‘ஓநாய்கள்’ என்ற உருபில்லாத பன்மையாகவும் இருக்கலாம். பன்மையில் ‘செய்தவர்கள்’ என்பதற்குத் தனி வடிவம் ‘எக்’. ‘க்’கைக் கண்டதும் பன்மை என்று தீர்மானிப்பவர்கள் முதல் வாக்கியத்தை ‘ஓநாய்கள்’ என்றே தொடங்கிவிடுகிறார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு: மிகெல் என்ற ஆள் செய்பவரானால் ‘மிகெலெக்’. மெய்யெழுத்தில் முடிவதால்தான் அந்த ‘எ’ வந்தது, அது பன்மை அல்ல.

இரண்டாவது வாக்கியம்தான் முறையின் எல்லையைக் காட்டுகிறது. இரு பெயரும் ‘அக்’ என்றே முடிகின்றன, துணைவினை ‘டிடு’. ‘ஓநாய் ஆடுகளைத் தின்றது’ என்றும் படிக்கலாம். இலக்கணத்தை மட்டும் பார்த்தால் ‘ஆடு ஓநாய்களைத் தின்றது’ என்றும் படிக்கலாம். எண்ணிக்கை இரண்டிலும் சரியாக வருகிறது. இங்கே துணைவினை உதவாது. இயல்பான வரிசை எழுவாய், செயப்படுபொருள், வினை என்பதாலும், ஆடு ஓநாயைத் தின்னாது என்பதாலும் முதல் பொருளை எடுக்கிறோம். இரு பக்கமும் மனிதர்களாக இருந்து, இரண்டு பெயரும் ‘அக்’ என்று வந்து, துணைவினையும் ‘டிடு’ என்றால், முந்தைய வாக்கியத்தைப் படிக்காமல் மொழிபெயர்க்காதீர்கள். வரிசையை மட்டும் நம்புவதும் ஆபத்து, ஏனெனில் வினைக்கு நேர் முன்னால் அழுத்தம் பெறும் சொல் வந்து உட்காரும். ‘ஒட்சோஆ கிசோனக் இல் டு’ என்பது ‘ஓநாயைக் கொன்றது மனிதன்தான்’. ஓநாய் முதலில் வந்ததால் அது கொன்றதாகிவிடாது.

பழைய மேற்குப் பகுதி எழுத்துகளில் இன்னொரு தடுமாற்றம் வரும். பிஸ்காயா, கிபுஸ்கோவா வழக்குகளில் ‘எக்’ இல்லாமல் பன்மைச் செய்பவருக்கும் ‘அக்’ வரும். ‘எக்’ என்பது 1968-க்குப் பிறகு உருவான பொது வழக்கு ஏற்றுக்கொண்ட வடிவம். மேற்கத்திய எழுத்தில் பெயரின் ஈற்றை வைத்து ஒருமை பன்மை முடிவு செய்யவே கூடாது.

துணைவினையே ஏமாற்றும் இடம் ஒன்றும் உண்டு, அது இறந்தகாலம்.

```
Ikusi nau.
Ikusi nuen.
Ikusi ninduen.
```

முதலாவது ‘என்னைப் பார்த்தான்’. முன்னால் நிற்கும் ‘ந’ செயப்படுபொருளாகிய ‘என்னை’க் குறிக்கிறது. அதே பழக்கத்தில் இரண்டாவதையும் ‘என்னைப் பார்த்தான்’ என்று எழுதினால் தவறு. அது ‘நான் அதைப் பார்த்தேன்’. இறந்தகாலத்தில் செயப்படுபொருள் படர்க்கையாக இருந்தால், முன்னிடத்துக்குச் செய்பவர் நகர்ந்துவிடுவார். இறந்தகாலத்தில் ‘என்னைப் பார்த்தான்’ என்பது மூன்றாவது வாக்கியத்தில் இருக்கிறது. இந்த ஜோடியை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. மூன்றிலும் பார்த்தவர் ஆணா பெண்ணா என்பது பாஸ்க்கில் இல்லை. ‘பார்த்தான்’, ‘பார்த்தாள்’ என்பதைச் சூழலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

‘க்’குக்கு ‘ஆல்’ போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ‘ஓநாயால் ஆடு தின்னப்பட்டது’ என்று எழுதினால் யார், எதை என்பது மாறாதுதான். ஆனால் பாஸ்க்கில் சாதாரணமாக இருந்த வாக்கியம் தமிழில் செயப்பாட்டு வாக்கியமாகத் திரிகிறது. அதைவிட, செயப்படுபொருளே இல்லாத இடத்திலும் ‘க்’ வரும். ‘உராக் இராகின் டு’ என்றால் ‘தண்ணீர் கொதித்துவிட்டது’. ‘தண்ணீரால்’ என்று போட்டால் வாக்கியமே நிற்காது. ‘க்’குக்கு நேரான உருபைத் தமிழில் தேடக் கூடாது. செய்பவரை வெறுமனே விட்டு, மறுபக்கத்தில் ‘ஐ’யைச் சேர்க்க வேண்டும்.

அந்த ‘ஐ’யைத் தயங்காமல் போடுங்கள். ‘புத்தகம் வாங்கினான்’ என்பதில் ‘ஐ’ இல்லாமலும் பொருள் புரியும். ‘ஓநாய் ஆடு தின்றது’ என்றால் இரண்டும் அஃறிணை, வினைமுற்றும் இரண்டுக்கும் பொருந்தும், படிப்பவர் தடுமாறுவார். பெயரெச்சத்தில் இதன் விலை இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

```
otsoak jan duen ardia
otsoa jan duen ardia
```

மேலே இருப்பது ‘ஓநாய் தின்ற ஆடு’, செத்தது ஆடு. கீழே ஒரே ஒரு ‘க்’ போனதும் ‘ஓநாயைத் தின்ற ஆடு’ ஆகிறது. பாஸ்க்கில் ஒரு எழுத்து விழுந்த அதே சொல்லில் தமிழில் ‘ஐ’ ஏறுகிறது. தட்டச்சில் ‘க்’ விடுபட்டுப் போன பிரதிகளில் இந்த வகைத் தொடர்களைத்தான் முதலில் சரிபார்க்கிறோம், ஏனெனில் இங்கே துணைவினை இரண்டிலும் ஒன்றேதான்.