கலப்புக் கட்டத்தில் வெல்வது வாய்க்காலா, வயலா?

நிலப் பயன்பாட்டுப் பலகோணங்களைச் சம சதுரக் கட்டங்களால் ஆன ராஸ்டராக மாற்றும்போது, இரண்டு மூன்று பலகோணங்கள் ஒரே கட்டத்துக்குள் விழுந்தால் அந்தக் கட்டத்தை எதற்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு விதியும் ஒவ்வொரு விடை தருகிறது. பெரிய காடுகளும் அகன்ற வயல்களும் எந்த விதியிலும் பெரிதாக மாறுவதில்லை; ஒடுங்கிய வகைகள்தாம் பாதிக்கப்படுகின்றன. ஆகவே 12 மீட்டர் அகலமும் 3 கிலோமீட்டர் நீளமும் கொண்ட ஒரு வாய்க்காலை 30 மீட்டர் கட்டத்தில் வைத்துப் பார்க்கிறேன். அதன் உண்மைப் பரப்பு 3.6 ஹெக்டேர், இருபுறமும் வயல், இரண்டும் தனித்தனிப் பலகோணங்கள்.

வாய்க்கால் கட்டவலைக்கு இணையாக, ஒரு கட்டத்தின் நட்டநடுவில் ஓடுவதாகக் கொள்வோம். கட்டத்தின் 900 சதுர மீட்டரில் வாய்க்காலுக்கு 360, இடது வயலுக்கு 270, வலது வயலுக்கு 270. மையப் புள்ளி விதி, அதாவது ஆர்க்ஜிஐஎஸ் மென்பொருளில் `CELL_CENTER`, கட்டத்தின் மையம் எந்தப் பலகோணத்தில் விழுகிறது என்று மட்டும் பார்ப்பதால் வாய்க்காலையே தேர்கிறது. பெரும்பரப்பு விதியான `MAXIMUM_AREA` பலகோணங்களைத் தனித்தனியாக ஒப்பிடுகிறது. 360 என்பது 270ஐ விடப் பெரிது, எனவே இங்கும் வாய்க்கால்தான். கூட்டுப் பரப்பு விதியான `MAXIMUM_COMBINED_AREA` ஒரே வகையைச் சேர்ந்த பலகோணங்களைச் சேர்த்துக் கூட்டுவதால் வயல் 540 ஆகி, வாய்க்கால் தோற்கிறது.

இப்போது கட்டவலையின் தொடக்கப் புள்ளியை 7 மீட்டர் நகர்த்துங்கள். வாய்க்கால் கட்டத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. ஒரு பக்கம் 2 மீட்டர் வயல், மறுபக்கம் 16 மீட்டர் வயல். மையம் வயலில் விழுகிறது; 16 மீட்டர் பக்கத்தின் பரப்பு மட்டுமே 480 சதுர மீட்டர் ஆகிவிடுவதால் பரப்பு விதிகளிலும் வயலே வெல்கிறது. முன்பு முதல் இரண்டு விதிகளில் 100 கட்டங்களாக, அதாவது 9 ஹெக்டேராக வீங்கிய வாய்க்கால், இப்போது மூன்று விதிகளிலும் சுழியம் ஆகிவிடுகிறது.

ஆனால் மூன்றும் ஒரே அளவுக்குப் பிழையானவை அல்ல. கட்டவலை எங்கே தொடங்கினாலும் சம வாய்ப்பு என்று கொண்டால், மையப் புள்ளி விதியில் வாய்க்காலுக்குக் கிடைக்கும் வாய்ப்பு 12/30. அதனால் சராசரியில் பரப்பு 3.6 ஹெக்டேராகவே நிற்கும், ஒரு தனி ஓட்டத்தில் மட்டும் ஏறி இறங்கும். கூட்டுப் பரப்பு விதியில், கட்டவலைக்கு இணையாக ஓடும் 12 மீட்டர் கீற்று 30 மீட்டர் கட்டத்தின் பாதியைத் தொடவே முடியாது என்பதால், இருபுறமும் வயல் மட்டும் இருக்கும்வரை அது ஒருபோதும் வெல்லாது. முன்னது சிதறல், பின்னது ஒருபக்கச் சாய்வு. பரப்புக் கணக்கு வேண்டியவர்கள் சிதறலைத் தாங்கலாம், சாய்வைத் தாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கட்டத்தின் பெரும்பகுதி என்ன என்பதைக் காட்டும் பொது வரைபடத்துக்கு மட்டும் கூட்டுப் பரப்பு விதியே நேர்மையானது.

ஒருபோதும் அறுந்துவிடக் கூடாத வாய்க்கால் வலையமைப்புக்கு, தொட்டால் போதும் என்ற விதி இருக்கிறது. நம் வாய்க்கால் ஒரு கட்ட நிரலுக்குள் அடங்கினால் 9 ஹெக்டேர், இரண்டு கட்ட நிரல்களில் பரவினால் 18 ஹெக்டேர் என்று அது காட்டும். பரப்புக்கு உதவாது, தொடர்ச்சிக்கு உதவும். ஜிடால் கருவியில் பின்னால் எரிக்கப்படும், அதாவது ராஸ்டரில் பதிக்கப்படும், பலகோணம் முன்னதை மேலெழுதுவதால், வயல்களுக்கு மைய விதியும் கடைசியாக வாய்க்காலுக்குத் தொடு விதியும் தரலாம்:

```
gdal_rasterize -l vayal -a code -tr 30 30 -tap -ot Byte in.gpkg out.tif
gdal_rasterize -l vaykkal -at -burn 5 in.gpkg out.tif
```

எல்லாப் பலகோணங்களுக்கும் தொடு விதியான `-at` கொடுத்துவிட்டால் எல்லைக் கட்டங்களை வெல்வது கோப்பில் பின்னால் வரும் பலகோணம்தான். வரிசையைத் தலைகீழாக்கி மீண்டும் ஓட்டி, இரண்டு ராஸ்டர்களையும் கழித்துப் பார்த்தால் எத்தனை கட்டங்கள் வரிசையால் மட்டும் முடிவாயின என்பது தெரிந்துவிடும்.

விதியை மாற்றுவதற்கு முன் கட்ட அளவைக் கேட்க வேண்டும். மிக ஒடுங்கிய, ஆனால் தவறவிடக் கூடாத பலகோணத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் கட்டம் போகக் கூடாது என்பது நான் பின்பற்றும் அளவு. இங்கே அது 6 மீட்டர். அப்போது கட்டவலைக்கு இணையான வாய்க்காலில் ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு கட்ட மையங்கள் விழுந்து 3.6 ஹெக்டேர் அப்படியே கிடைக்கிறது. விலை, 25 மடங்கு கட்டங்கள். அந்தக் கோப்பைத் தாங்க முடியாதபோது, வெற்றியாளரையே தேடாமல் வகைக்கு ஒரு அடுக்காகப் பங்கு விகிதத்தைச் சேமிப்பது நல்லது. ஆர் மொழியின் `terra` தொகுப்பில் `rasterize` செயலுக்கு `cover=TRUE` கொடுத்தால் அந்த விகிதம் தோராயமாகக் கிடைக்கும். நம் நடுக்கட்டத்தில் வாய்க்காலுக்கு 0.4, வயலுக்கு 0.6 என இருக்கும். கட்டவலையை எவ்வளவு நகர்த்தினாலும், வாய்க்காலின் பங்குகளைக் கட்டப் பரப்பால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை 3.6 ஹெக்டேரை விட்டுப் பெரிதாக விலகாது.

எதைத் தேர்ந்தாலும், ஒவ்வொரு வகையின் பலகோணப் பரப்பையும் கட்ட எண்ணிக்கையால் வரும் பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பிறகு கட்டவலையை அரைக் கட்டம் நகர்த்தி மீண்டும் எழுதுங்கள். இரண்டாவது பட்டியலில் எந்த வகையின் எண் பெரிதாகத் தாவுகிறதோ, அந்த வகைக்கு உங்கள் கட்டம் மிகப் பெரியது.