பியூமிகேஷன் சர்ட்டிபிகேட் கையில் இருந்தும் கன்டெய்னர் திரும்பி வந்தது

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்கள் வார்க்கும் சின்ன பவுண்டரி எங்களுடையது. போன வருடம் தூத்துக்குடி வழியாக அமெரிக்காவுக்கு அனுப்பிய ஒரு கன்டெய்னர், சரக்கில் எந்தக் குறையும் இல்லாமல், அடியில் இருந்த மரப் பேலட்டுகளுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது. ஏற்றுமதியில் புதிதாக இறங்கியவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

பேலட் சப்ளை செய்தவர் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். "எக்ஸ்போர்ட்டுக்குப் போகுதுங்க, எல்லாம் முறையா இருக்கணும்" என்று சொல்லித்தான் ஆர்டர் கொடுத்தோம். "சர்ட்டிபிகேட்டோட தர்றேங்க, கவலைப்படாதீங்க" என்றார். 14 பேலட்டும், பின்னாலேயே மரத்துக்கு மருந்துப் புகை போட்டுப் பூச்சியை அழித்ததாகச் சொல்லும், லெட்டர்பேடில் சீல் குத்திய ஒரு பியூமிகேஷன் சர்ட்டிபிகேட்டும் வந்தன. அதை பைலில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். பேலட்டைக் குனிந்து பார்த்தவர் எங்களில் ஒருவர்கூட இல்லை.

அமெரிக்காவில் சுங்கத்துறையின் விவசாயப் பிரிவு அதிகாரிகள் கன்டெய்னரைத் திறந்திருக்கிறார்கள். 9 பேலட்டில் மரத்தைப் பூச்சி இல்லாமல் பதப்படுத்தியதற்கான முத்திரை இருந்தது, 5 வெறும் மரம். சர்ட்டிபிகேட்டை மெயிலில் அனுப்பினோம். அதை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அங்கேயே புகைபோட்டுக் கொடுக்கிறோம் என்று கெஞ்சினோம். முத்திரையில்லாத மரத்துக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் அந்த வழி கிடையாது, நாட்டைவிட்டு வெளியே போக வேண்டும் என்றார்கள். சில சமயம் சரக்கை மட்டும் பிரித்தெடுக்க அனுமதிப்பார்களாம். அது அந்தத் துறைமுக அதிகாரியின் முடிவு, எங்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பக்கக் கப்பல் வாடகை, துறைமுகத்தில் நின்ற நாட்களுக்கான வாடகை, தவறிப்போன டெலிவரி எல்லாம் எங்கள் தலையில். 2017 நவம்பரிலிருந்து முதல் தவறுக்கே அபராதம் போடவும் அங்கே வழி இருக்கிறது.

திரும்பி வந்த பிறகுதான் அந்தச் சர்ட்டிபிகேட்டை வரிவரியாகப் படித்தேன். மருந்து என்ற இடத்தில் 'அலுமினியம் பாஸ்பைடு' என்று இருந்தது. அரிசி மூட்டைக்கு வண்டு வராமல் வைக்கும் அதே மாத்திரைதான். மரப் பேக்கிங்குக்கான சர்வதேச விதி ஐ.எஸ்.பி.எம். 15. அது ஏற்கும் முறைகளின் பட்டியலில் இந்த மருந்தே இல்லை. நம் ஊரில் நடைமுறையில் இருப்பவை இரண்டு. ஒன்று, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி, அது குறையாமல் 30 நிமிடம் நிற்கும் ஹீட் ட்ரீட்மென்ட். இன்னொன்று மெத்தில் புரோமைடு வாயு. முத்திரையில் முதலாவது எச்.டி. என்றும் அடுத்தது எம்.பி. என்றும் இருக்கும்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. சரியான மருந்தே போட்டிருந்தாலும் காகிதம் மட்டும் போதாது. எந்தக் காகிதம் எந்தப் பேலட்டுக்கு என்று துறைமுகத்தில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் அடையாளம் மரத்தின் மேலேயே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிய நீள்கொம்பு வண்டைக் கண்டுபிடித்தார்கள். பேக்கிங் மரத்துக்குள் புழுவாக வந்து, அங்கே மேப்பிள் மரங்களைத் துளைத்தது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. புழு கட்டைக்கு உள்ளே இருப்பதால், மேலே பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

முத்திரையை எப்படிப் பார்ப்பது? ஒரு கட்டம், இடப்பக்கம் கோதுமைக் கதிர் மாதிரிச் சின்னம், வலப்பக்கம் இந்தியாவுக்கான ஐ.என்., ட்ரீட்மென்ட் செய்த நிறுவனத்தின் எண், அப்புறம் எச்.டி. அல்லது எம்.பி. கையால் எழுதியிருந்தால் செல்லாது. ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள், மை கலைந்தால் வாங்காதீர்கள். அந்த எண் அரசின் பயிர் பாதுகாப்பு இயக்குநரகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டை ஒட்டிய மரம் வேண்டாம். சரக்கு நகராமல் இருக்க கன்டெய்னரில் ஏற்றும்போது ஆட்கள் செருகும் ஆப்பு, முட்டுக் கட்டைகளுக்கும் முத்திரை வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை.

இப்போது நாங்கள் வாங்கும் இடத்துக்கு நேரில் போனேன். அடுக்கில் இருப்பதிலேயே தடித்த கட்டையாகப் பார்த்துத் துளை போட்டு, சென்சார் கம்பியை நடுவரை இறக்கி, துளை வாயை அடைக்கிறார்கள். அறை சூடாகிப் பல மணி நேரம் கழித்துத்தான் கட்டையின் நடுவே 56 வருகிறது. அது சென்சார் தரும் கிராப் பிரிண்டில் தெரிகிறது. ஒவ்வொரு லாட்டுக்கும் அந்தப் பிரிண்டை வாங்கிக்கொள்கிறேன். கன்டெய்னர் கதவு மூடுமுன் ஒவ்வொரு பேலட்டின் முத்திரையும் போட்டோவாகப் பையருக்குப் போகிறது.

பழைய சப்ளையர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. "இத்தனை வருஷமா எல்லாருக்கும் இதைத்தாங்க குடுக்கறேன்" என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் பைலில் இருக்கும் சர்ட்டிபிகேட்டை எடுத்து, மருந்து என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.