கச்சானைச் சொல்வதும் எழுதுவதும்: ஒரே பாடம், இரண்டு தமிழ்

மட்டக்களப்பு உயர்தர வகுப்பில் தென்மேல் பருவக்காற்றை எடுத்தால் பாடம் கச்சானில் வந்து நிற்கும். அந்த ஒரு பகுதியை மட்டும் இரண்டு வடிவத்திலும் வைத்துப் பார்ப்போம்.

வகுப்பில்:

“கச்சான் அடிக்கக்குள்ள ஏன் இவ்வளவு வெக்கை? அந்தக் காத்து கொழும்புப் பக்கம் வரக்குள்ள ஈரமாத்தான் வந்தது. மலையில ஏறி, அந்தப் பக்கமே மழையைக் கொட்டிப் போட்டு, வெறுங்கையோட இஞ்சால இறங்குது. இறங்க இறங்க அமுக்கம் கூடும். சைக்கிள் பம்பை அமத்தினா அடி சுடுதுதானே? அதுதான் பிள்ளைகள்.”

குறிப்பில்:

“தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மேலெழுந்து மழையைப் பொழிகின்றது. ஈரத்தை இழந்த வளி கிழக்குச் சரிவில் இறங்கும்போது, அமுக்க அதிகரிப்பினால் நெருக்கப்பட்டு வெப்பமடைகின்றது. அதன் சாரீரப்பதன் குறைகின்றது. கிழக்குக் கரையில் இது கச்சான் காற்று எனப்படும்.”

பேச்சு, பிள்ளை உடம்பில் உணர்ந்த வெக்கையில் தொடங்கிக் காரணத்துக்குப் போகிறது. குறிப்பு காரணத்தில் தொடங்கிப் பெயரில் முடிகிறது. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும். குறிப்பை அப்படியே வாசித்தால் “சாரீரப்பதன்” வருவதற்குள் கடைசி வாங்கு தூங்கிவிடும். பேச்சைப் பதிந்து அப்படியே எழுதினால் வேறு கோளாறு: “அந்தப் பக்கம்”, “இஞ்சால” என்பவை கரும்பலகைப் படத்தையும் ஆசிரியரின் கையையும் நம்பி நிற்கும் சொற்கள். தாளில் கை இல்லை. எழுதும்போது அவை ஒவ்வொன்றும் மேற்குச் சரிவு, கிழக்குச் சரிவு என்று மாற வேண்டும்.

பம்பு உவமை பேச்சுக்கு மட்டும். அது இல்லாவிட்டால், தரைக்குக் கிட்ட வருவதால் காற்று சுடுகிறது என்றே பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள். குறிப்பில் அதன் இடத்தை “நெருக்கப்பட்டு” என்ற ஒரு சொல் பிடிக்கிறது. அந்தச் சொல் விடுபட்டால் காரணமே விடுபட்டது போலத்தான்.

கணக்கு இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மேற்குக் கரையில் 30 பாகை செல்சியசில் காற்று புறப்படுகிறது என்று வைப்போம். முகில் உருவாகும்வரை கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை குறையும். 1,000 மீற்றரில் 20 பாகை. அதற்கு மேல் நீராவி ஒடுங்கும்போது மறைவெப்பம் வெளிவருவதால் குறைவு மெதுவாகும். கிலோமீற்றருக்கு 6 பாகை என்று கொண்டால் 2,000 மீற்றரில் 14 பாகை. உலர்ந்து இறங்கும்போது மறுபடி கிலோமீற்றருக்கு 10 பாகை ஏறும். கடல்மட்டத்தில் 34 பாகை. அந்த 4 பாகை இலாபம் மழை மேற்கிலேயே விழுந்ததால் கிடைத்தது. முகில் நீர் விழாமல் கூடவே வந்தால், இறங்கும்போது மறுபடி ஆவியாகி அந்த வெப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பேச்சில் “கொட்டிப் போட்டு” என்ற இரண்டு சொல் இந்த நிபந்தனையைச் சுமக்கிறது. எழுத்தில் அதைத் தனி வாக்கியமாக எழுதுவதே நல்லது. 6 பாகை மாறக்கூடியது, இது எளிமையாக்கிய கணக்கு என்பதும் குறிப்பில் இருக்கட்டும். வகுப்பில் யாராவது கேட்டால் சொன்னால் போதும்.

சொற்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். “இண்டைக்குக் காலநிலை சரியில்ல” என்று எல்லாரும் பேசுகிறோம். குறிப்பில் அது வானிலை. வகுப்பிலும் இந்த ஒன்றை மட்டும் பேச்சுவழக்குக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது, ஏனென்றால் பாடமே அந்த வேறுபாட்டில் நிற்கிறது. “மாரி” இன்னும் சிக்கல். நம்மூரில் ஐப்பசியில் தொடங்கும் மழை முழுவதும் மாரிதான். வளிமண்டலவியல் திணைக்களத்தின் பகுப்பில் ஒக்டோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரைதான் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். 1978 நவம்பர் சூறாவளி பேச்சில் மாரிப் புயல். குறிப்பில் அதை வடகீழ்ப் பருவத்தில் போட்டால் பிழை. ஆகவே வகுப்பில் “மாரி” என்றே தொடங்கி, பலகையில் அதை இரண்டாகக் கோடு போட்டுப் பிரிப்பது மேல். குறிப்பில் “மாரி” ஒருமுறை, அடைப்புக்குள்.

“கச்சான்” மட்டும் இரண்டிலும் இருக்கட்டும். குறிப்பில் முதல் தடவை “கச்சான் காற்று” என்று முழுதாக எழுதுங்கள். நிலக்கடலைக்கும் அதே பெயர்.

பேச்சைப் பதிந்து திருத்துவதா, குறிப்பை எழுதிவிட்டுப் பேசுவதா என்றால், இரண்டுக்கும் முன்னால் பலகைப் படத்தையும் 30, 20, 14, 34 என்ற நான்கு எண்களையும் ஒரு துண்டுத் தாளில் போட்டுக்கொள்வதே எங்கள் தெரிவு. குறிப்பு முடிந்ததும் அன்று வகுப்புக்கு வராத பிள்ளையிடம் கொடுத்துப் படத்தை வரையச் சொல்லுங்கள். மழையைக் கிழக்குச் சரிவில் வரைந்தால் எங்கோ ஒரு “இஞ்சால” இன்னும் மிச்சம் கிடக்கிறது.