அம்மாவின் வீடு மாதம் 900 வெள்ளி கொடுத்தது. அதற்குப் பிறகு நடந்தது

அம்மா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "வீட்டு கிராண்ட் எங்கே?" அது எப்போதும் இருக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே இருந்தது நகல்தான். மூலம் கடன் கொடுத்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று நானும் தம்பியும் அப்போதுதான் சொன்னோம். அம்மா உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

காப்பாரில் இருக்கிறது அந்தத் தரை வீடு. தோட்டத்து லயத்தில் பாதி வாழ்நாளைக் கழித்த அப்பாவும் அம்மாவும் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கியது. அப்பா போன பிறகு அம்மாவிடம் வீடு இருந்தது, கையில் காசு இல்லை. மலேசியாவின் தேசிய அடமான நிறுவனமான ககாமாஸ், வீட்டை வைத்து முதியவர்களுக்கு மாதப் பணம் கடனாகத் தரும் திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கியதைச் செய்தித்தாளில் படித்தவன் தம்பி. 55 வயதை எட்டியவர், கடன் தீர்ந்த வீட்டை அடமானம் வைத்தால், அவர் இருக்கும்வரை மாதாமாதம் பணம் வரும். வீடு அவர் பெயரிலேயே இருக்கும். மாதத் தவணை கட்ட வேண்டியதில்லை. 2022 நடுவில் அம்மா கையெழுத்திட்டார். மாதம் 900 வெள்ளி. கூரை வேலைக்கும் வழக்கறிஞர், மதிப்பீட்டுச் செலவுகளுக்கும் சேர்த்து முதலிலேயே 12,000 வெள்ளி கடனில் ஏறியது.

மருந்துக்கும் மீனுக்கும் யாரையும் கேட்காமல் அம்மா செலவு செய்தார். அந்த இரண்டரை ஆண்டுகளுக்கு நான் இன்னும் இந்தத் திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

கடன் எப்படி வளர்கிறது என்பதைத்தான் எங்களில் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. கணக்குக்காக வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மாதங்களில் அம்மா வாங்கியது 27,000 வெள்ளி. முதலில் ஏறிய 12,000 வெள்ளியோடு 39,000. கடன் ஏறக்குறைய 43,000 ஆகியிருந்தது. இது பெரிதில்லை. ஆனால் இதே 900 வெள்ளியை 20 ஆண்டுகள் வாங்கினால் கைக்கு வந்திருப்பது 216,000, கடனோ 415,000ஐத் தாண்டும். வட்டிக்கு வட்டி ஏறுவதால் பின்பாதியில்தான் வேகமெடுக்கிறது. கடன் வீட்டின் விலையை மிஞ்சினாலும் மிச்சத்தைப் பிள்ளைகளிடம் கேட்க முடியாது. வீட்டை விற்று வருவதோடு சரி. மாறாக, விற்ற விலையில் மீதி இருந்தால் அது வாரிசுகளுக்கு.

அண்ணனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. "வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இல்லை, அடமானம்தான். கடனை அடைத்தால் வீடு நமக்கு. அடைக்காவிட்டால் விற்பனைக்குப் போகும்.

உண்மையான சிக்கல் தம்பிக்கு. அம்மாவைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தவன் அவன். ஆனால் கடன் பத்திரத்தில் அம்மா பெயர் மட்டுமே. கூட இருந்தவன் என்பதற்காக அவனுக்குத் தனி உரிமை எதுவும் இல்லை. மாதப் பணம் அம்மாவோடு நின்றது, வட்டி நிற்கவில்லை. கடனை அடைக்கவோ விற்கவோ கையெழுத்துப் போடச் சட்டப்படி ஒரு நிர்வாகி வேண்டும். அம்மா உயில் எழுதவில்லை; ஆகவே சிறு சொத்துப் பங்கீட்டு மனுவோடு நில அலுவலகத்துக்குப் போனோம். வாரிசுகள் எல்லாரும் விசாரணைக்கு வரவேண்டும். முதல் தேதிக்கு அண்ணன் ஜொகூரிலிருந்து வரவில்லை; தள்ளிப்போட்டார்கள். இறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் எழுத்து ஒன்று கிராண்டோடு ஒத்துவராமல் இன்னும் ஒரு மாதம் போனது. மொத்தம் பத்து மாதம். அந்தப் பத்து மாத வட்டி மட்டும் 2,200 வெள்ளி அளவுக்கு வரும். உயில் இருந்தாலும் நீதிமன்ற ஆணை வாங்க வேண்டும்தான். ஆனால் யார் பொறுப்பு என்ற சண்டையாவது வந்திருக்காது. கடனை அடைக்க நிறுவனம் கொடுத்த காலக்கெடு முடிவதற்குள் மனு நிலுவையில் இருப்பதை எழுத்தில் நிறுவனத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருந்தோம். அதைச் செய்தது தம்பி.

அப்பாவும் தாத்தா பாட்டியும் இல்லாததால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மூவருக்கும் சம பங்கு. 45,000 வெள்ளிக் கடனை ஆளுக்கு 15,000 போட்டு அடைத்தோம். தம்பியால் எங்கள் பங்குகளை இப்போதைக்கு வாங்க முடியாது. மூவர் பெயரிலும் வீடு, அவன் குடியிருக்கிறான், நிலவரியும் வீட்டு வரியும் அவன் கட்டுகிறான். இதைத் தாளில் எழுதிக் கையெழுத்திடலாம் என்று நான் சொன்னதும் அண்ணன் முகம் சுளித்தார், பிறகு முதலில் கையெழுத்திட்டவரும் அவர்தான்.

அடமானம் நீங்கி மூல கிராண்ட் வந்த அன்று அண்ணன் இரண்டு நகல் எடுத்தார். தம்பி மூலத்தைப் பிஸ்கட் டின்னிலேயே வைத்தான்.