மிர்டாஸபின்: ராத்திரி மாத்திரைதான், ஆனால் எத்தனை மணிக்கு?

டாக்டர் சீட்டில் 0-0-1 என்று இருந்தால் ராத்திரி ஒரு மாத்திரை, 1-0-0 என்றால் காலையில் ஒன்று. மனச்சோர்வுக்கு நான் இரண்டு விதமாகவும் சாப்பிட்டிருக்கிறேன். முதலில் எஸ்சிட்டலோபிராம், காலையில். அது ஒத்துவராமல் போனதும் மிர்டாஸபின், ராத்திரியில். மிர்டாஸபின் சில வருஷங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நேரத்தை மாற்றியபோது பக்கவிளைவுகள் எப்படி மாறின என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு புதிர். ஒரு மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். எஸ்சிட்டலோபிராமுக்கு அது சுமார் 30 மணி நேரம். மிர்டாஸபினுக்கு ஆளைப் பொறுத்து 20 முதல் 40 மணி நேரம். ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுமே தினம் ஒரு வேளை போட்டால் போதும், இரண்டுமே நாள் முழுக்க உடம்பில் இருக்கும். அப்படியிருக்க ஒன்றைக் காலையிலும் மற்றதை ராத்திரியிலும் ஏன் கொடுக்கிறார்கள்?

மனச்சோர்வைக் குறைக்கும் வேலைக்கு மணி முக்கியமில்லை. அது வாரக்கணக்கில் நடப்பது. நேரத்தைத் தீர்மானிப்பது பக்கவிளைவுதான். எஸ்சிட்டலோபிராம் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். நான் அந்த ரகம். நடு ராத்திரியில் விழித்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதே மாத்திரை வேறு சிலரைப் பகலில் தூங்கி விழ வைக்கும், அவர்களுக்கு டாக்டரே அதை ராத்திரிக்கு மாற்றிவிடுவார். மிர்டாஸபினில் அந்தக் குழப்பம் இல்லை. ஆரம்பத்தில் பலரையும் அது தூங்க வைக்கும்.

காரணம் ஹிஸ்டமின். சளிக்கும் அரிப்புக்கும் போடும் பழைய காலத்து மாத்திரைகள் தூக்கம் வரவைப்பதும் இதனால்தான். மூளைக்குள் ஹிஸ்டமின் விழிப்புக்கான சமிக்ஞை. அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் நாம் விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாகவும், தூங்கும்போது அடங்கியும் இருக்கும். மிர்டாஸபின் அந்த சமிக்ஞை போய்ச் சேரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ராத்திரியில் அடைத்தால் எப்படியும் அடங்கப்போகிற ஒன்றை அடக்குகிறது. காலையில் அடைத்தால் மூளை எழுந்திருக்கப் பார்க்கும்போது அதன் தலையில் கை வைத்து அமுக்குகிறது. இதே மருந்தைக் காலையில் போட்டால் பத்து மணி மீட்டிங்கில் கண் சொருகுவது இதனால்தான்.

சரி, ராத்திரி என்பது முடிவாகிவிட்டது. ராத்திரியில் எப்போது? 15 மில்லிகிராமில் ஆரம்பித்தபோது படுக்கும் நேரத்தில், அதாவது பதினொன்றரைக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறரைக்கு அலாரம் அடிக்கும், கை அதை அணைக்கும், ஆனால் அணைத்த நினைவே இருக்காது. பல் தேய்க்கும்போது பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பேன். பைக்கைத் தொடவே பயமாக இருந்தது, கொஞ்ச நாள் ஷேர் ஆட்டோவில்தான் போனேன். அடுத்த முறை போனபோது டாக்டரிடம் சொன்னேன்.

“காலையில ஒன்பது மணி வரைக்கும் ஒரே மந்தமா இருக்கு சார்.”

“எத்தனை மணிக்குப் போடறீங்க?”

“பதினொன்றரை.”

“ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு ஒன்பது, ஒன்பதரைக்குப் போடுங்க. முதல் ரெண்டு வாரம் எப்படியும் மந்தமாத்தான் இருக்கும், அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க.”

மிர்டாஸபின் வாயில் போட்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். பதினொன்றரைக்குப் போட்டால் உச்சம் ஒன்றரை மணிக்கு. அலாரம் அங்கிருந்து ஐந்து மணி நேரத்தில். ஒன்பதரைக்குப் போட்டால் உச்சம் பதினொன்றரைக்கு, நான் தலையணையில் தலை வைக்கும் அதே நேரத்தில். அலாரத்துக்கு ஏழு மணி நேரம் இருக்கும். அடுத்த மாத்திரை போடும் நேரத்தில்கூட ரத்தத்தில் மருந்து கணிசமாக மிச்சம் இருக்கும் என்பதால் இந்த இரண்டு மணி நேரத்தில் கணக்குப்படி பெரிய வித்தியாசம் வரக்கூடாது. எனக்கு வந்தது. இதில் எவ்வளவு நேர மாற்றத்தால், எவ்வளவு உடம்பு பழகியதால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் எப்போதாவது கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுப் பன்னிரண்டுக்குப் போட்டால் மறுநாள் காலையில் அந்தப் பழைய மந்தம் வந்து நிற்கிறது.

சீக்கிரம் போடுவதற்கும் ஒரு விலை உண்டு: பசி. ஹிஸ்டமினை அடைப்பது பசியையும் கிளப்பும். ஒருமுறை இன்னும் முன்னதாக, ஏழரைக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும், கை தானாக மிக்சர் டப்பாவைத் தேடியது. அது சாதாரணப் பசி இல்லை. இனிப்பும் மாவும் வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அந்த உச்ச நேரத்தில் நாம் விழித்திருந்தால் அதற்கு இரை போட வேண்டியதுதான். அதனால் எனக்கு ஒத்துவந்தது ஒன்பது, ஒன்பதரைதான்: சாப்பாடு முடித்து, பல் தேய்த்து, மாத்திரையைப் போட்டு, பசி கிளம்புவதற்குள் படுத்துவிடுவது. மனைவி மிக்சர் டப்பாவை மேல் ஷெல்ஃபுக்கு ஏற்றியதும் உதவியது.

இன்னொரு விசித்திரம். டோஸ் 30க்குப் போனபோது மந்தம் கூடும் என்று பயந்தேன், கூடவில்லை. டாக்டர் சொன்ன விளக்கம்: தூக்கம் வரவைக்கும் அடைப்பு குறைந்த டோஸிலேயே அநேகமாக முழுமையாகிவிடுகிறது, டோஸ் கூடும்போது விழிப்பூட்டும் நார்அட்ரினலின் பக்கம் வேலை அதிகமாகிறது. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்பதில்லை. ஆனால் மந்தமாக இருக்கிறது என்று நாமாகவே மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டால், மந்தம் அப்படியே இருந்து மனச்சோர்வு மட்டும் திரும்பி வரலாம்.

ராத்திரி போட மறந்தால், காலையில் ஞாபகம் வந்ததும் போடக் கூடாது, அன்று ராத்திரி வழக்கமான ஒன்று மட்டும். ஒரு வேளை தவறினால் உடம்பில் மருந்து தீர்ந்துவிடாது. காலையில் போட்டால் அந்த உச்சம் நேராக ஆபீஸ் நேரத்தில் வந்து உட்காரும். ராத்திரி என்று சொல்வதே உண்மையில் உங்கள் பெரிய தூக்கத்துக்கு முன் என்றுதான். நைட் ஷிஃப்ட் பார்க்கும் என் நண்பர் ஒருவர் டாக்டரிடம் பேசி, வேலை முடிந்து வீடு வந்து சேர்ந்த பிறகு காலை எட்டு மணிக்குப் போடுகிறார். வண்டி ஓட்டுவதெல்லாம் முடிந்த பிறகுதான் மாத்திரை.

மாமா அமிட்ரிப்டிலின் சாப்பிடுகிறார், நரம்பு வலிக்காக, குறைந்த டோஸில். அவருக்கும் ராத்திரி எட்டு மணி. காலை மந்தம் குறைந்தது, ஆனால் வாய் உலர்வதும் மலச்சிக்கலும் எந்த நேரத்தில் போட்டாலும் பகல் முழுக்க இருக்கின்றன. அதோடு, ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தலை சுற்றுகிறது. படுத்திருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கும், உச்சமும் அந்த நேரத்தில்தான் இருக்கும். இப்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுகிறார், பாத்ரூம் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும்.

என் விஷயத்தில் நேரத்தால் சரியாகாதது எடைதான். பசியைத் தூங்கிக் கடந்தாலும் முதல் வருஷத்தில் இடுப்பு பெருத்தது, பேண்ட்டெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. டாக்டர் இப்போது அவ்வப்போது எடையும் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கச் சொல்கிறார். எடை இன்னும் ஏறினால் வேறு மருந்துக்கு மாறுவது பற்றிப் பேச வேண்டும், அப்போதும் சட்டென்று நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் என்று சொல்லியிருக்கிறார்.