ஸ்பிரின்ட் பிளானிங் காலில் பேசியதை எப்படிச் சுருக்கி எழுதுவது: மூன்று வழிகள், ஒரு டிக்கெட்

அடுத்த ஸ்பிரின்டில், அதாவது அடுத்த சில வாரங்களில், எந்த வேலைகளை எடுப்பது என்று குழு பேசும் பிளானிங் கால் முடிந்ததும் அதைப் பதிவு செய்யப் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். பேசிய வரிசையிலேயே குறிப்பு எழுதுவது ஒன்று. தனிச் சுருக்கமே வேண்டாம், போர்டில் டிக்கெட்டைத் திருத்தினால் போதும் என்பது இன்னொன்று. ஒப்புக்கொண்டவை, மதிப்பீடு, தள்ளிப்போனவை என்று பிரித்து எழுதுவது மூன்றாவது. எது தேறும் என்று பார்க்க ஒரே ஒரு டிக்கெட் போதும்.

விடுப்பைக் கழித்தால் ஒரு ஸ்பிரின்டில் குழுவால் எடுக்க முடிந்த வேலையின் அளவு, அதாவது கொள்ளளவு, 24 பாயின்ட் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட் டவுன்லோடு 8, பணம் செலுத்துவது தோற்றால் மறுமுயற்சி 8, முகவரித் திருத்தம் 3. இவை பேச்சில்லாமல் உள்ளே வந்துவிட்டன. அடுத்து 'ஓடிபி மறு அனுப்பலும் கணக்குப் பூட்டும்'. முதலில் எல்லோரும் 5 என்றார்கள். பூட்டு விழுந்தபின் அதைத் திறக்கும் வழிகளையும் சோதிக்க வேண்டுமே என்று டெஸ்டர் கேட்டதும் அது 8 ஆனது. 8 என்றால் மொத்தம் 27, இடமில்லை. பூட்டை அடுத்த ஸ்பிரின்டுக்குத் தள்ளினார் புராடக்ட் ஓனர். மறு அனுப்பல் மட்டும் என்றால் 5 என்றது குழு. மொத்தம் 24, சரி.

இதை வரிசைக் குறிப்பில் எழுதினால் 5, 8, 5 என்று மூன்று எண்களும் வரும். ஆனால் முதல் 5 முழு வேலைக்கானது, கடைசி 5 பாதி வேலைக்கானது. மேலோட்டமாகப் படிப்பவர் முதல் 5-ஐ எடுத்துக்கொண்டாலும் கூட்டுத்தொகை 24 தான் வரும். தொகை சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் எழாது. பூட்டும் உள்ளே இருக்கிறது என்று நம்பிக்கொண்டு போவார். கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பிழை இது. 'யார் எப்போது என்ன சொன்னார்' என்ற தகராறு வந்தால் வரிசைக் குறிப்பு உதவும், மற்றபடி அதை யாரும் இரண்டாம் முறை திறப்பதில்லை.

போர்டு மட்டும் போதும் என்பவர்கள் பக்கம் நியாயம் உண்டு. எண் ஒரே இடத்தில் இருக்கும், முரண்பாடு வராது. ஆனால் கால் ஓடும் அவசரத்தில் எண்ணை மாற்றுவார்கள், தலைப்பை மாற்ற மறப்பார்கள். 'மறு அனுப்பலும் கணக்குப் பூட்டும் – 5' என்றே டிக்கெட் நிற்கும். பூட்டுக்குப் புது டிக்கெட் போட்டாலும் அது காத்திருக்கும் வேலைகளின் பட்டியலான பேக்லாகில் நூறோடு நூற்றொன்றாகக் கலந்துவிடும். பேசித் தள்ளியதா, பேசவே இல்லையா என்று தெரியாது. ஸ்பிரின்ட் முடிவில் "பூட்டு எங்கே?" என்று கேள்வி வரும்போதுதான் விஷயம் வெளிவரும்.

பிரித்து எழுதும் வழியில் அதே டிக்கெட் இப்படி வரும்:

ஒப்புக்கொண்டது: ஓடிபி மறு அனுப்பல் மட்டும், 5 பாயின்ட். பூட்டு இதில் இல்லை.
தள்ளிப்போனது: கணக்குப் பூட்டு. காரணம்: கொள்ளளவு போதவில்லை. தள்ளியவர்: புராடக்ட் ஓனர். அடுத்த பிளானிங்கில் மறுபடி மதிப்பிட வேண்டும்.

'இதில் இல்லை' என்ற அந்தச் சின்ன வாக்கியம்தான் என் கணக்கில் முழுச் சுருக்கத்திலும் அதிகம் உழைக்கிறது. தள்ளிப்போனதற்கு 3 என்று எண் போடாததும் வேண்டுமென்றேதான். எட்டில் ஐந்து போக மூன்று என்பது வெறும் கழித்தல், குழு அதை மதிப்பிடவே இல்லை. எழுதி வைத்துவிட்டால் அடுத்த காலில் அதுவே மதிப்பீடாக உட்கார்ந்துவிடும்.

இந்த வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. மூன்று பெட்டிகள் இருந்தால் எழுதுபவர் எல்லாவற்றையும் எதிலாவது போட்டுவிடப் பார்ப்பார். "உள்நுழைவுப் பக்கத்தையும் கொஞ்சம் சுத்தம் பண்ணணும், முடிஞ்சா பார்க்கலாம்" என்று ஒரு டெவலப்பர் சொன்னார் என்றால் அது எந்தப் பெட்டி? ஒப்புக்கொண்டதில் போட்டால் அவர் தலையில் ஏறுகிறது, தள்ளியதில் போட்டால் அவர் கையில் எடுக்கவே மாட்டார். இப்படிப்பட்டவற்றை 'முடிவாகாதவை' என்று கீழே தனியாக வைத்து, கால் முடிவதற்கு முன் வாய்விட்டுப் படித்துக் கேட்பதே நல்லது. பின்னால் எழுதுபவராக ஊகித்து நிரப்புவதைவிட அப்போது ஒரு நிமிடம் கேட்பது மலிவு.

நான் தேர்ந்தெடுப்பது இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்த கலவை. எண்ணும் தலைப்பும் போர்டில் இருக்கட்டும், அங்கே திருத்தியதையே சுருக்கத்திலும் எடுத்தாள வேண்டும். எது உள்ளே இல்லை, ஏன் தள்ளியது, யார் தள்ளியது என்பவை சுருக்கத்தில் இருக்கட்டும். மூன்று பேர் அருகருகே உட்கார்ந்து வேலை செய்யும் குழு என்றால் போர்டே போதும். ஆனால் காலில் இல்லாத ஒருவர், சப்போர்ட்டோ விற்பனையோ, அதை நம்பி வெளியே வாக்குக் கொடுப்பார் என்றால் தள்ளிப்போனவற்றைச் சுருக்கத்தின் உச்சியிலேயே வைப்பேன். அவர் முதலில் தேடுவது அதைத்தான்.